வகரத்துக்கு முன் இருந்த எழுத்து

ஒரு பழைய மருத்துவ நூலின் தட்டச்சுப் படியில் இருந்த ஒரு வரியில்தான் இந்தத் தேடல் தொடங்கியது. வரி இது: ௧௮௭௫ யுவ ௵ மாசி ௴. பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன, யூனிகோடு எண்களும் குறிகளும் முறையாகவே இடப்பட்டிருக்கின்றன. ஆனால் இப்படி ஒரு மாதம் காலத்தில் வந்ததே இல்லை.

௵ என்பது வருஷத்தைக் குறிக்கும் கூட்டெழுத்து. ௴ மாதத்தைக் குறிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டையும் அறுபதாண்டுச் சுற்றில் வரும் தமிழ் ஆண்டின் பெயரையும் சேர்த்தே அச்சிடுவது வழக்கம். யுவ ஆண்டு 1875 ஏப்ரல் நடுவில் பிறந்து 1876 ஏப்ரல் நடுவில் முடிந்தது. மாசி என்பது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. ஆகவே யுவ ஆண்டின் மாசி 1876-இல்தான் வரும். 1875-இன் மாசியோ அதற்கு முந்தைய பவ ஆண்டைச் சேர்ந்தது. தட்டச்சுப் படியில் ஆங்கில ஆண்டு தவறாக இருக்க வேண்டும், அல்லது தமிழ் ஆண்டு தவறாக இருக்க வேண்டும். அச்சுக் கோத்தவரே பிழை செய்திருக்கவும் கூடும்.

இந்த ஒரு வரிக்காக மெனக்கெடக் காரணம் உண்டு. நூலின் முகப்புத் தாளில் மேல்பாதி கிழிந்து போய்விட்டது. பெயரும் ஆசிரியரும் அந்தப் பாதியோடு போயின. கீழ்ப்பாதியில் சென்னை என்ற ஊர்ப்பெயரும் ‘யினால்’ என்ற சொல்லும் ‘அச்சிற் பதிப்பிக்கப்பட்டது’ என்ற தொடரும் இந்த ஆண்டு வரியும் மட்டும் மிச்சம். 1867-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டப்படி அச்சான நூல்களைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகள் காலாண்டுப் பட்டியல்களாக வெளிவந்தன. நூல் அச்சான காலாண்டு தெரிந்தால் எந்தப் பட்டியலில் அதன் பெயரைத் தேடுவது என்று தெரியும். தெரியாவிட்டால் ஆண்டுக்கணக்கான பட்டியல்களைப் புரட்ட வேண்டும்.

தட்டச்சுப் படிக்கு மூலமான கைப்பேசிப் படத்தை முதலில் வாங்கிப் பார்த்தேன். வரியில் இரண்டு இடங்கள் சிதைந்திருந்தன. ஆங்கில ஆண்டின் கடைசி இலக்கத்தில் மேற்கோடு மட்டும் தெரிந்தது. கீழே பழுப்புக் கறை. தமிழ் ஆண்டின் பெயரில் ‘வ’ தெளிவாக இருந்தது. அதற்கு முன் இருந்த எழுத்தைப் பூச்சி அரித்துவிட்டது. அதன் இடப்பக்கச் செங்கோடு மட்டும் எஞ்சியிருந்தது. மாசி தெளிவு, ௧௮௭ தெளிவு. ஆக, படத்தில் இருந்ததை உள்ளபடி எழுதினால் வரி இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்: ௧௮௭[–] [–]வ ௵ மாசி ௴. தட்டச்சு செய்தவர் இரு இடத்தையும் ஊகத்தால் நிரப்பி, ஊகம் என்பதற்கு அடையாளமே வைக்காமல் விட்டிருக்கிறார்.

இனி எது சாத்தியம் என்று பார்ப்போம். அறுபது ஆண்டுப் பெயர்களில் வகரத்தில் முடிபவை சில உண்டு: பிரபவ, விபவ, பவ, யுவ, பிலவ, பராபவ. மூன்றாவது இலக்கம் ௭ என்பதால் நாம் 1870-க்கும் 1879-க்கும் நடுவே நிற்கிறோம். அந்தப் பத்தாண்டில் வகரத்தில் முடியும் பெயர்கள் பவ, யுவ இரண்டே. கடைசி இலக்கத்தில் மேற்கோடு இருப்பதால் ௪, ௫, ௬ மூன்றையும் கருத வேண்டும். ஆனால் மாசி மாதம் இந்தப் பட்டியலைச் சுருக்கிவிடுகிறது. 1874 மாசி ஸ்ரீமுக ஆண்டைச் சேர்ந்தது, அது வகரத்தில் முடியாது. எஞ்சுபவை இரண்டு இணைகள்: ௫ என்றால் பவ, ௬ என்றால் யுவ. இரண்டு ஐயங்களும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் தீரும். இரண்டையும் தனித்தனியே தீர்க்க முடிந்தால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

அதற்குப் புதிய படங்கள் வேண்டியிருந்தன. நூலை வைத்திருப்பவர் இசைந்தார். தாளின் பின்னால் கறுப்புக் காகிதம் வைத்து எடுத்தோம். மறுபக்க அச்சு இந்தப் பக்கத்தில் ஊடுருவித் தெரிவதை அது வெகுவாகக் குறைக்கும். அடுத்து, வண்ணப் படத்தின் சிவப்பு அலைவரிசையை மட்டும் பிரித்துப் பார்த்தோம். பழுப்புக் கறை சிவப்பில் வெளிறிப் போகும், கறுப்பு மை கறுப்பாகவே நிற்கும். கறை விலகியதும் கடைசி இலக்கத்தின் கீழ்ப்பகுதியில் மையே சரியாகப் பதியவில்லை என்று தெரிந்தது. கறை மறைத்ததால் வந்த குறை அன்று. அச்சடிக்கும்போதே மை பற்றாமல் போயிருக்கிறது.

மை பற்றாத இடத்திலும் ஈய எழுத்து தாளை அழுத்தியிருக்கும். அதனால் மூன்றாவது படத்துக்கு விளக்கைத் தாளின் மட்டத்துக்கே தாழ்த்தி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளியைச் சாய்த்து விட்டோம். மேலிருந்து விழும் ஒளியில் தட்டையாகத் தெரிந்த தாளில் பள்ளங்கள் நிழல் காட்டின. இலக்கத்தின் கீழ்ப்பாதி தாளில் பள்ளமாக இருந்தது. விளக்கை இடமும் வலமும் மாற்றி எடுத்து ஒப்பிட்டோம். இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் நிற்பதுதான் எழுத்தின் பள்ளம்; ஒளி மாறியதும் வடிவம் குலைவது தாளின் சுருக்கம். அரிபட்ட எழுத்துக்கு இந்த வழி உதவாது. அங்கே தாளே இல்லை.

கிடைத்த பள்ளத்தை எதனோடு ஒப்பிடுவது? இன்றைய எழுத்துருவில் உள்ள ௫, ௬ வடிவங்களோடு ஒப்பிட்டால் சான்று ஆகாது. அச்சகத்துக்கு அச்சகம் வார்ப்பு மாறும். நல்ல வேளையாக நூலின் பக்க எண்கள் தமிழ் இலக்கங்களில் இருக்கின்றன. பக்கங்கள் ஓடும்போது எல்லா இலக்கமும் பலமுறை வருகின்றன. அளவில் சிறியவை என்றாலும் அதே அச்சகத்தின் வார்ப்புகள். பக்க எண்களிலிருந்து ௪, ௫, ௬ வடிவங்களை வெட்டியெடுத்து, ஒரே உயரத்துக்குப் பெரிதாக்கி, பள்ளத்தின் கோட்டோவியத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ௪ பொருந்தவில்லை. ௬-இன் வளைவு பள்ளத்தை விட்டு வெளியே போனது. ௫-இன் வலக்கோடும் அதன் அடியிலிருந்து எழும் சுழிப்பும் பள்ளத்தோடு ஒத்துப் போயின. அளவு வேறான வார்ப்பு என்பதால் இதை உறுதி என்று சொல்ல மாட்டேன். வலுவான சான்று என்பேன்.

அரிபட்ட எழுத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது. அச்சுக் கோக்கும்போது ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும். ஆகவே ஓர் எழுத்தின் இட விளிம்பிலிருந்து அடுத்த எழுத்தின் இட விளிம்பு வரை உள்ள தொலைவு அந்த ஈயத் துண்டின் அகலத்தைச் சொல்லிவிடும். எஞ்சிய செங்கோட்டிலிருந்து வகரத்தின் விளிம்பு வரை 4.6 மி.மீ. இருந்தது. அதே அளவு எழுத்தில் கோத்த ‘பதிப்பிக்கப்பட்டது’ என்ற சொல்லில் பகரம் பிடிக்கும் அகலமும் அதற்கு மிக நெருக்கமாகவே வந்தது. அந்த அளவில் யுகரம் முகப்பில் வேறெங்கும் இல்லை. ஆனால் ‘யினால்’ என்ற சொல் இருக்கிறது. அதில் யகர உடல் மட்டுமே 5 மி.மீ.-ஐத் தாண்டியது. யு அந்த இடத்தில் அடங்காது.

இதற்கு ஒரு தடை எழலாம். முகப்பு வரிகளை அழகுக்காக எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுக் கோப்பதுண்டு. அப்படியானால் அளவு ஏமாற்றும். ஆனால் கூடுதல் இடைவெளி எழுத்தை அகலமாகத்தான் காட்டும், குறுக்கிக் காட்டாது. இங்கே இடம் யுகரத்துக்குப் போதவில்லை. ஆகவே தடை யுகரத்துக்கு உதவவில்லை. பள்ளம் ௫ என்றது, அகலம் ப என்றது. ஒன்றையொன்று சாராத இரு வழிகளும் ஒரே இணையில் வந்து நின்றன: பவ ஆண்டு மாசி, 1875.

இனி இதை எப்படி எழுதிவைப்பது என்ற கேள்வி. கல்வெட்டுத் தொகுதிகளில் சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்பில் காட்டும் வழக்கம் உண்டு. அதையே அடிப்படையாகக் கொண்டு நான்கு குறிகளை வைத்துக்கொண்டேன். [ப] என்றால் எச்சம் தெரிகிறது, வாசிப்பில் ஐயம் உண்டு. [ப|யு] என்றால் இரண்டுக்கும் இடமுண்டு, முதலில் நிற்பது வலுவானது. [–] என்றால் எழுத்து அறவே போயிற்று. எத்தனை எழுத்துக்கு இடமோ அத்தனை கோடுகள். ⟨ப⟩ என்றால் தாளில் சான்று இல்லை, பொருளையோ யாப்பையோ கொண்டு நான் நிரப்பினேன். ஐயத்தையும் நிரப்பலையும் ஒரே குறியால் காட்டக் கூடாது. முன்னதை நல்ல படம் எடுத்துத் தீர்க்கலாம், பின்னதைப் படத்தால் தீர்க்க முடியாது.

யூனிகோடில் தமிழுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘கு’ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்குள் க, ு என்ற இரண்டு குறிகள். உகரச் சுழி மட்டும் ஐயம் என்றாலும் அடைப்பை அவ்விரண்டுக்கும் நடுவே போட முடியாது. போட்டால் சுழி தனித்துப்போய்ப் புள்ளிவட்டத்தோடு தெரியும். அந்தச் சொல்லைத் தேடினால் அகப்படாது. எனவே எழுத்து முழுவதையும் அடைப்புக்குள் வைத்து [கு|க] என்று எழுத வேண்டும். கிழிந்த ஓரங்களில் இதற்கு நேர்மாறான நிலையும் வரும்: கொம்பு மட்டும் தெரியும், மெய்யெழுத்து இல்லை. அச்சில் கொம்பு முன்னால் நின்றாலும் யூனிகோடு அதை மெய்க்குப் பின்னால்தான் பதியும். அங்கே மெய்யின் இடத்தில் U+25CC என்ற புள்ளிவட்டத்தை இட்டு [◌ெ] என்று எழுதினால், எகரமோ ஒகரமோ ஔகாரமோ ஏறிய ஓர் எழுத்து இங்கே இருந்தது என்ற செய்தி காப்பாற்றப்படும். அடையாளம் இல்லாமல் தனித்து விடப்பட்ட உயிர்க்குறிகளைக் கண்டுபிடிக்க ஒரு சிறு சோதனை போதும்:

```python
import re, unicodedata
text = unicodedata.normalize("NFC", text)
re.findall(r"(?<![\u0B95-\u0BB9\u25CC])[\u0BBE-\u0BCD]", text)
```

நூலின் உட்பக்கங்களில் வேறு வகை ஐயங்கள் காத்திருந்தன. முதல் வரைவுக்கு டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளைப் பயன்படுத்தினேன்:

```
tesseract pakkam.png pakkam -l tam --psm 6 tsv
```

இது தரும் அட்டவணையில் ஒவ்வொரு சொல்லுக்கும் conf என்ற பத்தியில் நூற்றுக்கு இவ்வளவு என்று நம்பிக்கை மதிப்பு இருக்கும். குறைந்த மதிப்புள்ள சொற்களை முதலில் பார்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் உயர்ந்த மதிப்பு சரியான வாசிப்புக்குச் சான்று அன்று. மென்பொருள் பழகிய சொல்லின் பக்கம் சாயும். 1978-இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன் வழங்கிய ணை, லை, றா, னா முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்களிலும் அது தடுமாறும். இவ்வடிவங்களுக்கு யூனிகோடில் தனிக் குறி கிடையாது. பழைய றாவும் புதிய றாவும் உள்ளே ஒன்றே. அதனால் சரியாகப் படித்துவிட்டால் வேலை முடிந்தது. படிக்கும் முன் படத்தைத் துப்புரவு செய்வதில்தான் கவனம் வேண்டும். தூசிப் புள்ளிகளை நீக்கும் கருவிக்கு மெய்யெழுத்தின் புள்ளியும் தூசிதான். அது வேலை செய்து முடித்த பக்கத்தில் ‘க்’ எல்லாம் ‘க’ ஆகியிருக்கும்.

ஒரு சொல்லை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஓர் ஆசிரியப்பாவின் அடி ‘சுக்கு’ என்று தொடங்குகிறது. அடுத்த அடியின் முதற்சொல்லில் மி தெரிகிறது, இரண்டாம் எழுத்து சிதைந்திருக்கிறது, மூன்றாவது கவோ குவோ, அடிப்பகுதி தேய்ந்திருக்கிறது. அதற்கடுத்த சொல் ‘நீரில்’. மென்பொருள் இதை ‘மிளகு’ என்று நல்ல நம்பிக்கை மதிப்போடு படித்தது. தட்டச்சுப் படியிலும் மிளகுதான். மருத்துவ நூல், சுக்கை அடுத்து மிளகு. மனம் அப்படித்தான் ஓடும்.

ஆனால் அந்தப் பாட்டில் அடுத்தடுத்த அடிகள் இரண்டிரண்டாக எதுகை பெற்று வருகின்றன. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. முதலெழுத்துகள் குறிலோடு குறில், நெடிலோடு நெடில் என அளவொத்தும் நிற்க வேண்டும். சுக்கு என்பதற்கு எதுகை ‘மிக்க’ என்பதே, மிளகு ஆகாது. ‘மிக்க நீரில்’ என்றால் நிறைந்த நீரில் என்று பொருளும் சரியாகவே அமைகிறது. சீர் இலக்கணம் இங்கே தீர்ப்புச் சொல்லாது. மிக்க தேமா, மிளகு புளிமா, இரண்டும் ஆசிரியப்பாவில் வரக்கூடியவையே. எதுகையும் கட்டாயம் அன்று. பாடியவர் ஓரடியில் விட்டிருக்கலாம். ஆகவே அந்த நிலையில் நான் எழுதியது மி⟨க்⟩[க|கு]. இது மருந்தின் சரக்குப் பட்டியலையே மாற்றும் ஐயம் என்பதால் அப்படியே விட மனம் வரவில்லை.

பிறகு முகப்பில்லாத இன்னொரு பிரதி ஒரு குடும்பச் சேகரிப்பில் கிடைத்தது. அதே பதிப்புத்தானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். உடைந்த ஈய எழுத்துகள் இதற்கு உதவின. முதல் பிரதியில் குறிப்பிட்ட பக்கங்களில் வந்த முறிந்த னகரமும் பிளந்த தகரமும் இந்தப் பிரதியிலும் அதே பக்கத்தில், அதே வரியில் இருந்தன. இரண்டும் ஒரே கோப்பில் அடித்தவை. இப்படிப்பட்ட இரண்டு பிரதிகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது சிதைவின் காரணமும் பிரிந்து தெரியும். ஈயமே உடைந்திருந்தால் இரண்டிலும் அதே குறை இருக்கும். மை பற்றாமையும் பூச்சியும் கறையும் பிரதிக்குப் பிரதி மாறும். நம் சொல்லில் இருந்தது மையின் குறை. இரண்டாம் பிரதியில் ‘மிக்க’ என்று புள்ளியோடு தெளிவாகப் பதிந்திருந்தது. உரையில் குறிகளை எடுத்துவிட்டு, வாசிப்பு இரண்டாம் பிரதியிலிருந்து என்று குறிப்பெழுதினேன்.

எழுத்தில் ஐயமே இல்லாத இடத்திலும் குறியேற்றத்தில் பிழை ஒளிந்திருக்கலாம். மருத்துவ நூல் என்பதால் ‘ஔடதம்’ அடிக்கடி வருகிறது. தட்டச்சுப் படியில் அது பல இடங்களில் ஒ, ள என்ற இரண்டு எழுத்துகளாக இருந்தது. திரையில் வேறுபாடு தெரியாது. தேடினால் பாதி இடங்கள் அகப்படா. சீர் பிரித்தால் ஓரெழுத்து மிகும். அளவுகளிலும் அப்படியே. க என்ற எழுத்தும் ௧ என்ற ஒன்றும், ச-வும் ௪-உம், அ-வும் ௮-உம், எ-வும் ௭-உம் வடிவில் ஒத்தவை. கால் என்னும் பின்னத்தின் குறி வகரத்தைப் போன்றது. ‘பலம் ௪’ என்ற இடத்தில் சகரத்தைத் தட்டினால் கண்ணுக்கு உறுத்தாது, ஆனால் நான்கு பலம் என்ற அளவு தரவிலிருந்து மறைந்துவிடும். பலம், கழஞ்சு, படி, உழக்கு போன்ற அளவுச் சொற்களை அடுத்துத் தனியெழுத்து வரும் இடங்களை எல்லாம் தேடியெடுத்து, ஒவ்வொன்றையும் படத்தோடு வைத்துத் திருத்தினேன்.

முகப்பு வரியின் இறுதி வடிவம் இது: ௧௮௭[௫] [ப]வ ௵ மாசி ௴. இரண்டாம் பிரதியில் முகப்புத் தாள் இல்லாததால் அடைப்புகளை நீக்க எனக்கு உரிமை இல்லை. கோப்பில் இதை டிஇஐ என்ற பதிப்புக் குறிமுறையில் மாற்று வாசிப்போடு வைத்திருக்கிறேன்:

```xml
<choice><unclear cert="high">ப</unclear>
<unclear cert="low">யு</unclear></choice>வ ௵
```

படிக்கத் தரும் உரையில் குறிகளை மறைத்துக் காட்டலாம், மூலக் கோப்பில் அவை இருந்தே ஆக வேண்டும். யுவ என்று ஐயமின்றி எழுதிய தட்டச்சுப் படியை நம்பியிருந்தால் 1876-இன் பட்டியலைத் தேடியிருப்போம். அதில் உள்ள ௧௮௭௫-ஐ மட்டும் நம்பி யுவ ஆண்டின் தொடக்கத்திலிருந்து தேடினாலும் முதல் காலாண்டைத் தாண்டிப் போயிருப்போம். தேட வேண்டியது 1875-இன் முதல் காலாண்டு. பதிவு தாமதமாகியிருந்தால் இரண்டாவது.

பழைய நூல்களைத் தட்டச்சு செய்து தருபவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். தெரியாத எழுத்தை நிரப்பாதீர்கள். நிரப்பினால் நிரப்பியது என்று குறியிடுங்கள். பக்கத்தின் படத்தை, துப்புரவு செய்யாத முதற்படத்தையே, உரையோடு சேர்த்து வையுங்கள். உங்களுக்குத் தெரியாத எழுத்து இன்னொரு பிரதியை வைத்திருப்பவருக்குத் தெரியக்கூடும். அவர் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை உங்கள் குறிதான் சொல்ல வேண்டும்.